ராஜினாமா கடிதத்தின் கடைசிப் பத்தி: முதலாளியிடம் அன்பாக விடைபெறுவது எப்படி?

22.01.2024, இரவு 9.40. கருங்கல் கணக்கு

ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், கணக்கு எழுதுகிறேன். 20.08.2012 அன்று சேர்ந்தேன். பிப்ரவரி 29 கடைசி நாள் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், நாகர்கோவிலில். அங்கேயே ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், ஆகவே 30ஆம் தேதி கடிதம் கொடுக்கிறேன்.

எதற்காக விலகுகிறேன், எந்தத் தேதி, பொறுப்பை யாரிடம் ஒப்படைக்கிறேன் என்பதெல்லாம் எழுதிவிட்டேன். கடைசிப் பத்தியில் நின்றுவிட்டேன். இந்த ஆபீஸில் எனக்கு மனக்குறை இருந்தது உண்டு, ஆனால் நன்றி அதைவிடப் பெரியது. இணையத்தில் கிடைத்த மாதிரியைப் பார்த்து எழுதியது இது:

"இந்த நிறுவனத்துடனான எனது பயணம் அற்புதமான அனுபவமாக அமைந்தது. தாங்கள் அளித்த வாய்ப்புகளுக்கும் வழிகாட்டுதலுக்கும் நன்றி. நிறுவனத்திடமிருந்து எனக்கு வரவேண்டியது எதுவும் இல்லை. தாங்கள் விரும்பினால் மேற்கண்ட தேதிக்கு முன்பே என்னை விடுவிக்கலாம். எப்போது அழைத்தாலும் உதவத் தயாராக இருக்கிறேன். தங்கள் எதிர்கால முயற்சிகள் வெற்றிபெற வாழ்த்துகிறேன்."

வாசித்துப் பார்த்தால் யாரோ யாருக்கோ எழுதியது மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

22.01.2024, இரவு 10.15. குளச்சல்காரன்

பேசும்போது கண்ணீர் வரும், அதனால் எழுதி வைத்து வாசியுங்கள். ஷார்ஜாவில் என்னை அனுப்பி வைத்தபோது கேக் வெட்டினார்கள், மைக்கைக் கையில் கொடுத்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மூன்று நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள்.

22.01.2024, இரவு 10.22. கருங்கல் கணக்கு

அண்ணா, பிரிவுபசாரப் பேச்சு இல்லை. கடிதத்தின் முடிவைத்தான் கேட்டேன். எங்கள் ஆபீஸில் மைக் கிடையாது.

23.01.2024, காலை 6.50. குலசேகரம் ரப்பர்

"வரவேண்டியது எதுவும் இல்லை" என்ற வரியை உடனே அடியுங்கள். பதினோரு வருடத்துக்குப் பணிக்கொடை உண்டு. கையெழுத்துப் போட்டு இப்படி எழுதிக் கொடுத்தால் அதோடு போச்சு, ஒரு ரூபாய் கிடைக்காது. எங்கள் எஸ்டேட் பக்கம் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது.

23.01.2024, காலை 7.30. கருங்கல் கணக்கு

அந்த வரியை நான் பெருந்தன்மையாக நினைத்துத்தான் சேர்த்தேன். பணம் கேட்டுக்கொண்டு போகிறவள் இல்லை என்று காட்ட நினைத்தேன். இப்போது வயிறு கலங்குகிறது.

23.01.2024, காலை 11.05. தக்கலை ஓய்வூதியர்

36 வருடம் எழுத்தர் வேலை பார்த்தவன். இத்தகைய கடிதங்களை வாங்கி, முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்தே கை தேய்ந்தது.

குலசேகரம் சொன்னதில் பாதி சரி. வரியை அடிக்க வேண்டும், ஆனால் எழுதியதாலேயே உரிமை போய்விடாது. பணிக்கொடைச் சட்டம் 1972ன் 14ஆவது பிரிவைப் பாருங்கள். வேறு எந்த ஒப்பந்தத்தில், எந்தத் தாளில் எதிராக என்ன இருந்தாலும் அந்தச் சட்டம்தான் நிற்கும். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவர் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்ததைக் காட்டி முதலாளி தப்ப முடியாது.

அப்படியானால் ஏன் அடிக்கச் சொல்கிறேன்? சட்டம் உங்கள் பக்கம் இருப்பது வேறு, அதைக் கேட்டு வாங்குவது வேறு. அந்த வரி கோப்பில் இருந்தால், நாளைக்கு நீங்கள் கேட்கும்போது அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். பிறகு தொழிலாளர் அலுவலகம், விசாரணை, அலைச்சல். அன்பாகப் போக நினைத்து எழுதிய வரியே சண்டைக்கு வழி போட்டுவிடும். கொடுக்கல் வாங்கலை நன்றிப் பத்தியில் கலக்காதீர்கள். பணிக்கொடைக்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது, விலகி 30 நாளுக்குள் கொடுத்தால் போதும்.

அப்புறம், இன்னொரு வரியும் கண்ணில் படுகிறது. சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

23.01.2024, மதியம் 2.40. தக்கலை ஓய்வூதியர்

"தாங்கள் விரும்பினால் முன்பே விடுவிக்கலாம்." இதுதான் அந்த வரி. தங்கச்சி, நீ சேர்ந்தது 20.08.2012. பதினோரு வருடம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. அதற்கு மேல் ஆறு மாதத்தைத் தாண்டினால் அந்தத் துண்டையும் முழு வருடமாக எண்ண வேண்டும் என்பது சட்டம். ஆறு மாதம் எப்போது நிறைகிறது? பிப்ரவரி 20ஐ ஒட்டி. பிப்ரவரி 29 வரை இருந்தால் 12 வருடக் கணக்கு. உன் கடிதத்தைப் பார்த்து, "சரி, இவளே சொல்லிவிட்டாளே" என்று பிப்ரவரி 10ல் விடுவித்தால் 11 வருடக் கணக்கு. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. புது ஆள் சீக்கிரம் கிடைத்தாலே போதும்.

23.01.2024, இரவு 8.55. கருங்கல் கணக்கு

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 18,200. அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 700. ஒரு வருடத்துக்கு 15 நாள், அதாவது 10,500. பதினோரு வருடத்துக்கு 1,15,500, பன்னிரண்டுக்கு 1,26,000. மரியாதைக்காகச் சேர்த்த ஒரு வரியின் விலை 10,500 ரூபாய். அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போகும் செலவுக்கு எத்தனை நாள் வரும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வரியும் போயாச்சு. தேதி மேலே முதல் பத்தியில் ஒரே இடத்தில் இருக்கிறது, கடைசிப் பத்தியில் தேதியைத் தொடவே இல்லை. அண்ணாச்சி, உங்களுக்குப் பெரிய நன்றி.

24.01.2024, காலை 10.10. டீச்சர், நாகர்கோவில்

மொழியைப் பற்றி யாரும் பேசவில்லையே. "வெற்றிபெற வாழ்த்துகிறேன்" என்கிறீர்கள். உங்கள் முதலாளிக்கு வயது என்ன? நம்மூரில் சின்னவர் பெரியவரை வாழ்த்துவது வழக்கமா? கல்யாண வீட்டில் பெரியவர்கள் அரிசி தூவுவார்கள், நாம் குனிந்து நிற்போம். "நிறுவனத்துடனான எனது பயணம்" என்பதையும் எடுங்கள். கருங்கல்லிலிருந்து ஆபீசுக்குத் தினமும் பஸ்ஸில் போனீர்களே, அதுதான் பயணம்.

24.01.2024, மதியம் 1.20. கருங்கல் கணக்கு

டீச்சர் சொன்னது மனதில் தைத்தது. பெரிய முதலாளிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இப்போது ஆபீஸை நடத்துவது மகன், என்னைவிட நான்கு வயது இளையவர். கடிதம் அவர் பெயருக்குத்தான் போகிறது. நன்றியில் முக்கால்வாசி அப்பாவுக்குப் போக வேண்டியது. ஒரே பத்தியில் இரண்டு பேரிடம் எப்படி விடைபெறுவது?

24.01.2024, மாலை 5.00. குளச்சல்காரன்

இரண்டு கடிதம் எழுதுங்கள். ஒன்று ஆபீசுக்கு, ஒன்று வீட்டுக்கு.

24.01.2024, இரவு 9.30. கருங்கல் கணக்கு

வீட்டுக்கு நேரில் போவேன். கடிதம் ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.

நன்றிக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். "வாய்ப்புகள், வழிகாட்டுதல்" என்று எழுதினால் எந்த முதலாளிக்கும் பொருந்தும். நான் பட்டது என்ன? சேர்ந்த முதல் வாரம் எனக்குப் பருப்பின் தரமே தெரியாது. பில்லில் 240 என்றும் 320 என்றும் எண் வரும், நான் விலை என்று நினைத்தேன். பெரிய முதலாளி தரம் பிரிக்கும் மேசைக்குக் கூட்டிப்போனார். என் இடது கையில் நான்கு பருப்பு, வலது கையில் நான்கு பருப்பு. "கண்ணை மூடு பிள்ளே, எது கனம்?" என்றார். ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் கூடக் கூடப் பருப்பு சின்னது. இதைச் சொல்ல அவர் அரை மணி நேரம் செலவு செய்தார். அதற்குப் பிறகு நான் ஒரு பில்லிலும் தரத்தை மாற்றி எழுதியது இல்லை.

இன்னொன்று ஒக்கி. 2017 நவம்பர் 30 அன்று புயல் அடித்ததும் ரப்பரும் வாழையும் மொத்தமாகச் சாய்ந்தன, போஸ்ட் மரங்கள் விழுந்தன, நாள் கணக்கில் கரண்டு இல்லை. எங்கள் ஆபீஸில் தோல் எடுக்கும் பெண்கள் சிலர் கடலோரத்துக்காரர்கள். அவர்களுடைய ஆண்கள் கடலில். போன் செத்துப்போனால் செய்தியும் செத்துப்போகும். பெரிய முதலாளி ஜெனரேட்டரைப் போட்டு, கணக்கு மேசை முழுவதும் பிளக் பலகைகளை நீட்டி வைத்தார். ஆபீஸ் வேலையே அன்று இல்லை, டீசல் மட்டும் ஓடியது. ஒவ்வொரு போனிலும் நான்தான் பெயர் எழுதி ஒட்டினேன், மாறிப்போகக் கூடாது என்று. ஒரு போன் அடித்ததும் மேசையைச் சுற்றி எல்லோரும் எழுந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

இதையெல்லாம் கடிதத்தில் எழுதலாமா?

25.01.2024, காலை 9.15. தக்கலை ஓய்வூதியர்

எழுது. ஆனால் அந்தத் தாள் கோப்பில் பல வருடம் கிடக்கும், நாளைக்கு வரும் மேனேஜரும் ஆடிட்டரும் புரட்டுவார்கள் என்பதை நினைவில் வை. அவர்கள் வாசித்தாலும் யாருக்கும் கூச்சம் வரக் கூடாது. கடலில் போனவர்களின் குடும்ப விஷயம் வேண்டாம், அது அந்தப் பெண்களுடையது. ஜெனரேட்டர் உன் முதலாளியுடையது, அதைச் சொல்லலாம். ஒன்றிரண்டு வரிக்குள் முடி. மனக்குறை இருந்தது என்றாயே, அதற்கு இந்தப் பத்தியில் இடமில்லை.

25.01.2024, மதியம் 12.40. குலசேகரம் ரப்பர்

இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. நல்லதை மட்டும் எழுதினால் அது பொய்க் கடிதம். நான் எழுதியபோது ஓவர்டைம் தராததையும் கடைசி வரியில் வைத்தேன். மனசு லேசானது.

25.01.2024, இரவு 9.05. கருங்கல் கணக்கு

2020ல் எங்களுக்குச் சில மாதம் பாதிச் சம்பளம்தான் வந்தது. மீதி பிறகு வரும் என்று சொன்னார்கள், வரவில்லை. அதுதான் என் மனக்குறை. இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதைக் கேட்க வேண்டுமானால் அன்றே கேட்டிருக்க வேண்டும், அல்லது இப்போது தனித் தாளில் கேட்க வேண்டும். நன்றியின் வாலில் கட்டிவிட்டால் நன்றியும் கெடும், கேள்வியும் நிற்காது. அண்ணன் செய்தது தவறு என்று சொல்லவில்லை. நான் அப்படி எழுதவில்லை, அவ்வளவுதான்.

26.01.2024, காலை 11.30. கருங்கல் கணக்கு

லீவு நாள். இரண்டாவது முறை எழுதியது:

"2012ல் பருப்பின் தரம்கூடத் தெரியாமல் வந்த எனக்கு, 240க்கும் 320க்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் வைத்துக் காட்டினீர்கள். ஒக்கிப் புயலுக்குப் பின் கரண்டு இல்லாத நாட்களில் ஆபீஸ் ஜெனரேட்டரை எங்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டீர்கள். இரண்டையும் மறக்க மாட்டேன். எப்போது அழைத்தாலும் உதவத் தயாராக இருக்கிறேன். தங்கள் குடும்பமும் ஆபீஸும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, போய் வருகிறேன்."

26.01.2024, மதியம் 3.10. டீச்சர், நாகர்கோவில்

வாசித்ததும் ஆள் தெரிகிறது. ஒரு பிழை. கடிதம் மகனுக்கு. "காட்டினீர்கள், திறந்துவிட்டீர்கள்" என்றால் மகன் செய்ததாக ஆகிவிடும். "பெரிய முதலாளி காட்டினார்" என்று மாற்றினாலே போதும், இரண்டு பேருக்கும் பத்தியில் இடம் கிடைத்துவிடும். தன் அப்பாவைப் பற்றிய நல்ல வார்த்தையை வாசிக்கும் மகனுக்கு அதைவிட என்ன நன்றி வேண்டும்?

26.01.2024, மாலை 6.25. குலசேகரம் ரப்பர்

"போய் வருகிறேன்" என்று எழுதினால் திரும்பி வருவேன் என்று அர்த்தம். ராஜினாமா செல்லாமல் போய்விடும்.

26.01.2024, இரவு 7.45. தக்கலை ஓய்வூதியர்

செல்லாமல் எல்லாம் போகாது. பொருள் வரியில் ராஜினாமா என்று இருக்கிறது, தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. ஒரு வழக்கச் சொல் அதைக் கெடுக்காது.

ஆனால் வேறு ஒரு விஷயம் உண்டு. வருகிற தேதி போட்டுக் கொடுத்த ராஜினாமாவை அந்தத் தேதி வருவதற்குள் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978ல் சொன்னது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் 1977 ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஜூலையிலேயே திரும்பப் பெற்றார், அந்த வழக்கு. அரசியல் சாசனப் பதவி பற்றியது அது. தனியார் ஆபீஸில் வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆக, உன் மனம் மாறினால் "திரும்பப் பெறுகிறேன்" என்று தெளிவாக இன்னொரு கடிதம்தான் எழுத வேண்டும். "போய் வருகிறேன்" அந்த வேலையைச் செய்யாது. அலுவலகக் கடிதத்தில் அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். "விடைபெறுகிறேன்" என்று போடு.

26.01.2024, இரவு 8.30. டீச்சர், நாகர்கோவில்

எனக்கு "போய் வருகிறேன்"தான் பிடித்திருக்கிறது. நம் வீட்டில் யாராவது "போறேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினால் அம்மா விடுவாளா? "வாறேன்னு சொல்லு" என்று திருப்பிக் கூப்பிடுவாள். ஆனால் "விடை" என்ற சொல்லையும் விட்டுவிட முடியவில்லை. விடை என்றால் போக அனுமதி. விடைபெறுகிறவர் தானாகக் கிளம்பவில்லை, நீங்கள் அனுப்பி வைத்தால் போகிறேன் என்கிறார். வேலையை விடுகிறவர் முதலாளியிடம் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறதா? இரண்டில் எது என்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

26.01.2024, இரவு 10.00. குளச்சல்காரன்

"எப்போது அழைத்தாலும்" வேண்டாம். நான் அப்படிச் சொல்லிவிட்டு வந்தேன். ஊரில் மகள் நிச்சயதார்த்தத்தில் இருக்கும்போது ஷார்ஜாவிலிருந்து ஸ்டோர் சாவி எங்கே என்று போன் வந்தது. நான் விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது.

27.01.2024, காலை 7.10. கருங்கல் கணக்கு

குளச்சல் அண்ணா இந்தத் தடவை சரியான இடத்தில் தொட்டீர்கள். மார்ச் முடிவில் வருடக் கணக்கு. பருப்பு டின் இருப்பேட்டை நான்தான் எழுதுகிறேன், ஒரு டின் 11.34 கிலோ. உடைந்த டின், திரும்பி வந்த டின் எல்லாம் பின்பக்கத்தில் பென்சிலில் குறித்து வைத்திருப்பேன். புது ஆள் தடுமாறுவது நிச்சயம். உதவ மனம் இருக்கிறது, ஆனால் டயாலிசிஸ் வார்டில் உட்கார்ந்துகொண்டு போன் எடுக்க முடியாது. அதனால் உதவிக்கு ஒரு எல்லைத் தேதியும் நேரமும் போட்டுவிட்டேன். முதலில் கறாராகத் தெரிந்தது. இரண்டு முறை வாசித்தபின், இதுதான் உண்மையாகச் செய்யக்கூடிய உதவி என்று பட்டது. பென்சில் குறிப்பை எல்லாம் இப்போதே பேனாவில் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

29.01.2024, இரவு 9.50. கருங்கல் கணக்கு

முடிவாக எழுதியது:

"2012ல் பருப்பின் தரம்கூடத் தெரியாமல் வந்த எனக்கு, 240க்கும் 320க்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் வைத்துக் காட்டியவர் பெரிய முதலாளி. 2017ல் ஒக்கிப் புயலுக்குப் பின் கரண்டு இல்லாத நாட்களில் ஆபீஸ் ஜெனரேட்டரை எங்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டார். இரண்டையும் மறக்க மாட்டேன். அம்மாவின் சிகிச்சைக்காக நான் கேட்ட நேரமெல்லாம் அனுமதி தந்த தங்களுக்கும் என் நன்றி. இருப்பேட்டிலோ வருடக் கணக்கிலோ சந்தேகம் வந்தால், 31.03.2024 வரை மாலை 6 மணிக்கு மேல் என்னைப் போனில் கூப்பிடலாம். தங்கள் குடும்பமும் ஆபீஸும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு விடைபெறுகிறேன்."

கீழே "நன்றியுடன்" மட்டும். "தங்கள் கீழ்ப்படிந்த" போடவில்லை.

30.01.2024, காலை 6.30. தக்கலை ஓய்வூதியர்

நன்று. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போ. ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கு. அன்பாக எழுதிய கடிதத்துக்கும் அது வேண்டும்.

30.01.2024, இரவு 8.20. கருங்கல் கணக்கு

கொடுத்துவிட்டேன். சின்ன முதலாளி மேலிருந்து வேகமாக வாசித்தார், கடைசிப் பத்தியில் நின்றார். பிளக் பலகை விஷயம் தனக்குத் தெரியாது, அப்போது தான் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிரதியில் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மூலத்தை அப்பாவுக்குக் காட்டிவிட்டுக் கோப்பில் வைக்கிறேன் என்று வீட்டுக்கு எடுத்துப் போனார்.

02.03.2024, மாலை 6.45. கருங்கல் கணக்கு

29ஆம் தேதி வரை வைத்துத்தான் விடுவித்தார்கள். பணிக்கொடை விண்ணப்பம் தனியாகக் கொடுத்திருக்கிறேன், 12 வருடம் என்று போட்டிருக்கிறேன். பார்ப்போம்.

வெளியே வரும்போது தோல் எடுக்கும் அக்காமார் வாசல் வரை வந்தார்கள். கடிதத்தில் "விடைபெறுகிறேன்" என்று எழுதியவள், அவர்களிடம் "வாறேன் அக்கா" என்றுதான் சொன்னேன். "போயிட்டு வா பிள்ளே" என்றார்கள்.

02.03.2024, இரவு 9.10. டீச்சர், நாகர்கோவில்

நான் அப்போதே சொன்னேன்.

03.03.2024, காலை 7.00. தக்கலை ஓய்வூதியர்

வாசலில் சரி. கோப்பில் "விடைபெறுகிறேன்"தான்.